ஜப்பானிலிருந்து அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறீர்களா? வரிக் கழிவு வாங்கும் வழி

2023-இல் மாதம் தவறாமல் அப்பாவின் கணக்குக்கு 50,000 யென் அனுப்பினேன். ஆண்டுக்கு 6 லட்சம் யென். அந்தப் பணத்தில்தான் விருத்தாசலத்தில் அப்பா அம்மா இருவரும் சாப்பிட்டார்கள், மருந்து வாங்கினார்கள். நவம்பரில் கம்பெனியில் வரிப் படிவம் கொடுத்தபோது இருவர் பெயரையும் எழுதி, வங்கி ரசீதுகளையும் இணைத்துத் தந்தேன். ஒரு வாரத்தில் எச்ஆர் பெண்மணி படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா பெயரின் மேல் குறுக்குக்கோடு. அப்பா பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அம்மாவுக்கு நான் ஒரு யென்கூட அனுப்பவில்லை என்பது ஜப்பான் வரிச் சட்டத்தின் கணக்கு. அப்பா விஷயத்தில் உறவை நிரூபிக்கும் காகிதம் போதவில்லை. இரண்டையும் முன்பே யாராவது சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்சம் சேர்த்து இருவருக்கும் தனித்தனியாக அனுப்பி, அந்த ஆண்டே கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் யென் கையில் நின்றிருக்கும். நிஷிகசாயிலும் யோகொஹாமாவிலும் புதிதாக வந்து இறங்கும் நம் ஆட்கள் இதே குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். கம்பெனியில் சம்பளம் வாங்குபவர், பெற்றோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்ற நிலைமைக்கு மட்டும் இது பொருந்தும்.

1. யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு மிச்சம்

ஜப்பானில் குடியிருந்து வேலை பார்ப்பவர் தன் பெற்றோரைப் பணம் அனுப்பிப் பராமரித்தால், வரி போடும் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். இதன் பெயர் ஃபுயோ கோஜோ. பெற்றோர் வெளிநாட்டில் இருந்தாலும் உண்டு. வயதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டிசம்பர் 31 அன்று அவர்களுக்கு எத்தனை வயது என்று பாருங்கள்.

70 அல்லது அதற்கு மேல் என்றால் வருமான வரியில் 4,80,000 யென்னும், குடியிருப்பு வரியில் 3,80,000 யென்னும் கழியும். எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று குறைந்தபட்சத் தொகை எதுவும் இல்லை. அந்த ஆண்டில் வாழ்க்கைச் செலவுக்கு அனுப்பியதற்கான ரசீது இருந்தால் போதும்.

30 முதல் 69 வரை என்றால் வருமான வரியில் 3,80,000 யென், குடியிருப்பு வரியில் 3,30,000 யென். ஆனால் 2023 ஜனவரி முதல் இந்த வயதினருக்கு ஒரு பூட்டு போட்டுவிட்டார்கள். அந்த ஒருவருக்கு, நீங்கள் ஒருவரே, அந்த ஒரு காலண்டர் ஆண்டில் 3,80,000 யென் அல்லது அதற்கு மேல் அனுப்பியிருக்க வேண்டும். ஒரு யென் குறைந்தாலும் கழிவு முழுதாகப் போய்விடும், பாதி கிடைக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. நம்மில் பெரும்பாலோரின் பெற்றோர் 55-க்கும் 69-க்கும் இடையில் இருப்பவர்கள். அதனால் இந்தப் பூட்டைச் சுற்றியே இனி பேசப்போகிறேன்.

கையில் நிற்பது எவ்வளவு? உங்கள் வருமான வரி விகிதம் 10 சதவீதப் படியில் இருந்தால், கூடுதல் வரியையும் சேர்த்து 10.21 சதவீதம். 3,80,000-க்கு அது சுமார் 38,800 யென். குடியிருப்பு வரி 10 சதவீதம், 3,30,000-க்கு 33,000 யென். ஆக ஒரு பெற்றோருக்கு ஏறத்தாழ 71,800 யென், இருவருக்கு 1,43,600. விகிதம் 20 சதவீதப் படியில் இருந்தால் ஒருவருக்கே 1,10,000 யென்னைத் தாண்டும்.

அப்பாவுக்கு ஊரில் பென்ஷன் வருகிறதே என்று பலர் தயங்குகிறார்கள். இந்தக் கழிவுக்குப் பெற்றோரின் வருமான உச்சவரம்பு ஒன்று உண்டுதான். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவருக்கு ஜப்பானில் எழும் வருமானத்தை மட்டுமே அதில் சேர்ப்பார்கள். விருத்தாசலத்தில் வரும் பென்ஷன் அந்தக் கணக்கில் வராது. அதற்காகப் பெரிய பென்ஷனும் வாடகையும் வாங்கும் அப்பாவை 'என் பணத்தில்தான் வாழ்கிறார்' என்று எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பணம் உண்மையிலேயே அவருடைய அன்றாடச் செலவுக்குப் போக வேண்டும், கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

அண்ணனும் ஜப்பானிலேயே இருந்தால், ஒரு பெற்றோரை ஒருவர் மட்டுமே காட்டலாம். அவர் அனுப்பிய 2 லட்சத்தையும் நீங்கள் அனுப்பிய 2 லட்சத்தையும் கூட்டி 3,80,000 தாண்டிவிட்டது என்று சொல்ல முடியாது. மாமனார், மாமியாரையும் காட்டலாம். அதற்குத் திருமணப் பதிவுச் சான்றும் மனைவியின் பிறப்புச் சான்றும் கூடுதலாக வேண்டும்.

2. அனுப்பும் முன்பே அம்மாவுக்குத் தனிக் கணக்கு

நான் கோட்டைவிட்டது இங்கேதான். நம் வீடுகளில் பணம் அப்பா கணக்குக்குப் போகும், அம்மா வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஜப்பான் வரி அலுவலகத்துக்கு அந்த வீட்டு வழக்கம் தெரியாது. ரசீதில் பெறுபவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் போனதாக அர்த்தம். அப்பா பெயரில் 12 லட்சம் யென் போயிருந்தாலும் அம்மாவுக்குப் பூஜ்யம்தான்.

ஆகவே இருவருக்கும் தனித்தனி சேமிப்புக் கணக்கு, இருவருக்கும் தனித்தனியாக அனுப்புதல். கூட்டுக் கணக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அனுப்பும் செயலியில் பெறுபவராக ஒரு பெயர்தான் பதிவாகும், ரசீதிலும் அந்த ஒரு பெயர்தான் வரும். கூட்டுக் கணக்கை வைத்து எச்ஆரிடம் வாதாடுவதைவிட அம்மாவை ஒரு நாள் வங்கிக்கு அழைத்துப்போகச் சொல்வது சுலபம்.

"அம்மாவுக்குத்தான் ஏற்கெனவே கணக்கு இருக்கே" என்றால் அது என்ன கணக்கு என்று விசாரியுங்கள். முழு கேஒய்சி இல்லாமல் திறந்த சிறு கணக்காக இருந்தால் ஓர் ஆண்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது. 3,80,000 யென் ரூபாயில் இரண்டு லட்சத்தைத் தாண்டும். வெளிநாட்டுப் பணத்தையும் விதிப்படி அதில் ஏற்றக் கூடாது. என் நண்பர் ஒருவரின் அம்மாவுக்கு இப்படித்தான் மூன்றாவது மாதமே பணம் திரும்பி வந்தது. ஆதார், பான் இரண்டையும் கொடுத்து முழு கேஒய்சி செய்து, வழக்கமான சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொண்ட பிறகுதான் அனுப்ப முடிந்தது. பாஸ்புக்கில் அம்மாவின் பெயர் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். நான்காவது படியில் இது கழுத்தைப் பிடிக்கும்.

இனி தொகை. மாதம் 32,000 யென் வீதம் அனுப்பினால் 12 மாதத்தில் 3,84,000. இது கத்திமுனைக் கணக்கு. டிசம்பர் கடைசி வாரத்தில் அனுப்பிய பணம் பெயர் பொருந்தாமல் திரும்பினாலோ, புத்தாண்டு விடுமுறையில் சிக்கி ஜனவரித் தேதி பெற்றாலோ மொத்தமும் வீண். நான் இப்போது மாதம் 36,000 வீதம் 11 மாதம் அனுப்பி நவம்பருக்குள் 3,96,000-ஐ முடித்துவிடுகிறேன். டிசம்பர் மாதத்தை ஓட்டை அடைக்க வைத்திருக்கிறேன். அனுப்பும் கட்டணத்தை 3,80,000-க்குள் சேர்த்து எண்ணாதீர்கள், அது பெற்றோருக்குப் போன பணம் இல்லை.

மொத்தமாக ஒரே முறை அனுப்பலாமா என்றால் அனுப்பலாம், அந்த ஆண்டுக்கு அது செல்லும். ஆனால் இந்த ஆண்டு 8 லட்சம் அனுப்பிவிட்டு அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்ல முடியாது. அனுப்பிய ஆண்டோடு அந்த ரசீதின் ஆயுள் முடிந்தது.

இங்கே ஒரு சொந்தக் கருத்து. நான் 2023-இல் அனுப்பிய 6 லட்சத்தை இருவருக்கும் பிரித்திருந்தால் தலா 3 லட்சம், இரண்டு பேரும் போயிருப்பார்கள். இருவரையும் காட்டக் குறைந்தது 7,60,000 வேண்டும், அதாவது கூடுதலாக 1,60,000. அதில் திரும்பி வருவது 71,800. வீட்டுக்கு அந்தப் பணம் தேவை என்றால் அனுப்புங்கள், நல்லது. தேவையில்லை என்றால் வரிக்காக மட்டும் அனுப்ப வேண்டாம், ஒருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு 70 ஆகிவிட்டால் கணக்கு மாறும். 70 ஆனவருக்கு மாதம் கொஞ்சம் அனுப்பி, 70-க்குக் கீழே இருப்பவருக்கு 3,80,000-ஐ நிரப்பினால் அதே 6 லட்சத்தில் இருவரும் வந்துவிடுவார்கள்.

3. எந்த வழியாக அனுப்பினால் செல்லும்

வங்கி வழியாகவோ, ஜப்பானில் பதிவு பெற்ற பணம் அனுப்பும் நிறுவனத்தின் செயலி வழியாகவோ, உங்கள் பெயரிலிருந்து பெற்றோர் பெயருக்கு நேராகப் போக வேண்டும். இரண்டுக்கும் மை நம்பர் கேட்பார்கள். வங்கிக் கவுன்ட்டரில் ஒரு முறைக்குப் பல ஆயிரம் யென் கட்டணம் போய்விடும். செயலியில் அதைவிட மிகக் குறைவு. மாதாமாதம் இருவருக்கு அனுப்பும்போது இந்த வித்தியாசம் ஆண்டுக் கடைசியில் பெரிதாகத் தெரியும்.

செல்லாதவற்றில் முதல் இடம் உங்களுடைய சொந்த என்ஆர்இ கணக்குக்கு. நம் ஆட்களில் பாதிப் பேர் அதற்குத்தான் அனுப்பி, அங்கிருந்து அப்பா கணக்குக்கு மாற்றுகிறார்கள், அல்லது ஏடிஎம் கார்டை அப்பாவிடம் கொடுத்துவைக்கிறார்கள். ஜப்பானிலிருந்து கிளம்பிய பணம் உங்களிடமிருந்து உங்களுக்கே போயிருக்கிறது. அது பெற்றோருக்கு அனுப்பியதாக ஆகாது. ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்பியது, விடுமுறையில் நீங்களே கையில் கொடுத்தது, கொண்டுபோன தங்கம் எதுவும் கணக்கில் வராது. உண்மையிலேயே கொடுத்திருந்தாலும் காட்ட ரசீது இல்லை.

அனுப்பும் காரணம் என்ற இடத்தில் குடும்பப் பராமரிப்பு என்பதையே தேர்ந்தெடுங்கள். இந்திய வங்கி அதை P1301 என்ற குறியீட்டில் பதிவு செய்யும். சேமிப்பு, முதலீடு, வீடு வாங்க என்று போட்டுவிட்டு வாழ்க்கைச் செலவு என்று வரியில் காட்டினால் உங்கள் ரசீதே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

ஒவ்வொரு முறை அனுப்பியதும் ரசீதைப் பிடிஎஃபாக இறக்கிவையுங்கள். அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், தேதி, யென் தொகை நான்கும் ஒரே தாளில் தெரிய வேண்டும். செயலியில் வரும் 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்ற திரையின் படத்தில் பெரும்பாலும் அனுப்பியவர் பெயர் இருக்காது. சில நிறுவனங்கள் ஆண்டு முழுவதற்குமான சான்றைக் கேட்டால் தருகின்றன. அது வர நாளாகும், அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஆண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ அனுப்பியிருந்தால் முதல் ரசீது, கடைசி ரசீது, நடுவில் உள்ளவற்றுக்குத் தேதி தொகையுடன் ஒரு பட்டியல் போதும் என்று விதி இருக்கிறது. 3,80,000 கணக்கில் மொத்தத்தைச் சரிபார்க்க என் கம்பெனி எல்லா ரசீதையும் கேட்டது. எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

4. உறவுச் சான்று: இனிஷியல் தரும் தலைவலி

கம்பெனி கேட்கும் இரண்டு வகைக் காகிதங்களில் பணம் அனுப்பிய ரசீது ஒன்று. மற்றொன்று உறவை நிரூபிக்கும் காகிதம், ஜப்பானியில் ஷின்ஸொகு கன்கே ஷொருய். அது அரசு கொடுத்ததாக இருக்க வேண்டும். பெற்றோரின் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றும் அதில் இருக்க வேண்டும். வக்கீலிடம் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய உறுதிமொழியை அரசு ஆவணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊரில் எதற்கெடுத்தாலும் அஃபிடவிட் போட்டுப் பழகிய நமக்கு இது புதிது. நானும் முதலில் அதற்குத்தான் செலவழித்தேன்.

உறவும் இந்த மூன்றும் ஒரே தாளில் இருக்கும் ஆவணம் நம்மிடம் கிடையாது. அதனால் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கிறோம், அதற்கு விதியில் இடம் உண்டு. உங்கள் பிறப்புச் சான்று நீங்கள் அவர்களுடைய பிள்ளை என்பதைச் சொல்லும். பெற்றோரின் ஆதார் அட்டை, அல்லது பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் அவர்களுடைய பிறந்த தேதியையும் முகவரியையும் சொல்லும். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் அப்பா அம்மா பெயர் இருக்கிறது, துணைக்கு அதையும் வையுங்கள்.

பழைய பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'ஆண்' என்று மட்டும் இருப்பது நம் ஊரில் சகஜம். அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் பெயர் சேர்க்க முடியுமா என்று கேட்டு, மனுக் கொடுத்து, புதிய சான்று வாங்க வேண்டும். இதற்கு ஊரில் யாராவது இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும். நவம்பரில் ஞாபகம் வந்து தொடங்கினால் அந்த ஆண்டுக்குள் சான்று கைக்கு வராது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இதைக் கையோடு முடித்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது இனிஷியல். உதாரணத்துக்கு, பிறப்புச் சான்றில் தந்தை பெயர் 'ராமசாமி'. ஆதாரில் 'ராமசாமி கே'. வங்கியில் 'கே ராமசாமி'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'ராமசாமி கந்தசாமி'. நமக்கு இது ஒரே ஆள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். படிவத்தைப் பார்க்கும் ஜப்பானியருக்கு நான்கு பேர். என் அப்பா பெயருக்குப் பக்கத்தில் விழுந்த கேள்விக்குறி இதனால்தான். கடைசியில் இரண்டு வேலை செய்தேன். ஆதாரில் உள்ள வடிவத்தையே மூலமாக வைத்து, வங்கிக் கணக்கின் பெயரையும் பணம் அனுப்பும் செயலியில் பெறுபவர் பெயரையும் அதற்கு ஒத்துப்போக மாற்றினேன். பிறப்புச் சான்றை மாற்றவில்லை. தென்னிந்தியாவில் தந்தை பெயரின் முதல் எழுத்தைப் பெயருக்கு முன்போ பின்போ போடும் வழக்கம் உண்டு, 'கே' என்பது கந்தசாமி என்ற தாத்தாவின் பெயர் என்று அரைப் பக்கம் ஜப்பானியில் எழுதி இணைத்தேன். பிறந்த தேதியும் முகவரியும் எல்லாத் தாளிலும் பொருந்தியதால் ஏற்றுக்கொண்டார்கள். அந்த அரைப் பக்கத்தை இப்போது ஆண்டுதோறும் அப்படியே வைக்கிறேன்.

தமிழிலோ ஆங்கிலத்திலோ உள்ள தாள் ஒவ்வொன்றுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். அதைத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும் என்று விதி சொல்லவில்லை. நீங்களே செய்து, கீழே பெயரும் தேதியும் போடலாம். முகவர்கள் ஒரு பக்கத்துக்குப் பல ஆயிரம் யென் கேட்பார்கள். பெயர், தேதி, ஊர், கொடுத்த அலுவலகம் ஆகியவற்றைத் தவிர பிறப்புச் சான்றில் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை, ஜப்பானிய நண்பர் ஒருவரை ஒரு காப்பிக்கு அழைத்தால் முடிந்துவிடும்.

5. கம்பெனியில் கொடுப்பது: இரண்டு தடவை

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுப்பது இல்லை. ஆண்டின் தொடக்கத்தில், முதல் சம்பளத்துக்கு முன்பு, ஃபுயோ கழிவுப் படிவத்தை நிரப்பித் தருவீர்கள். பல கம்பெனிகள் அடுத்த ஆண்டுப் படிவத்தை முந்தைய நவம்பரிலேயே வாங்கிக்கொள்கின்றன. அதோடு உறவுச் சான்றையும் மொழிபெயர்ப்பையும் கொடுக்க வேண்டும். பெற்றோரின் மை நம்பர் என்ற கட்டத்தை வெற்றாக விடுங்கள், அவர்களுக்கு அது கிடையாது. வருமானக் கட்டத்தில் 0. வெளிநாட்டில் வசிப்பவர் என்ற இடத்தில் 30 முதல் 69 வயது பெற்றோருக்கு, 38 லட்சம் அல்ல, 38 'மான்' யென் அல்லது அதற்கு மேல் என்ற கட்டத்தில் குறி இடுங்கள். மான் என்றால் பத்தாயிரம். இந்த லட்சம், மான் குழப்பத்தில் என் அறைத்தோழர் படிவத்தையே கிழித்துப்போட்டிருக்கிறார்.

ஆண்டுக் கடைசியில், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள், நென்மாட்சு சோசேய் என்ற வரிச் சரிப்படுத்தல் நடக்கும். அப்போது அதே படிவத்தில், அந்த ஆண்டு ஒவ்வொருவருக்கும் அனுப்பிய மொத்தத் தொகையை எழுதி, ரசீதுகளைத் தர வேண்டும். அந்த நாளுக்குள் 3,80,000 நிரம்பாவிட்டால் கம்பெனி சேர்க்காது. நவம்பருக்குள் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

வருமான வரியில் மிச்சமானது டிசம்பர் அல்லது ஜனவரிச் சம்பளத்தோடு வரும். குடியிருப்பு வரிக்கு எதுவும் தனியாகச் செய்ய வேண்டாம், நகராட்சிக்குக் கம்பெனியிலிருந்தே தகவல் போகும். ஆனால் அந்த 33,000 யென் கையில் வராது. அடுத்த ஜூன் முதல் அதற்கடுத்த மே வரை மாதாமாதம் பிடிக்கும் தொகை குறைந்திருக்கும். ஜூனில் தரும் வரி அறிவிப்புத் தாளில் ஃபுயோ கட்டத்தைப் பாருங்கள், எண்ணிக்கை இல்லாவிட்டால் எங்கோ தவறியிருக்கிறது.

6. ஊரில் பெற்றோருக்கு வரி உண்டா

இது சின்ன விஷயம். பிள்ளை பெற்றோருக்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்திய வருமான வரிச் சட்டத்தில் பெறுபவருக்கு வரி இல்லை, உச்சவரம்பும் இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் வரி என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்த வரம்பு உறவினர் அல்லாதவர் தரும் பணத்துக்கு. உங்கள் ஜப்பான் சம்பளத்துக்கும், நீங்கள் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை, அங்கே வரி இல்லை.

செலவு போக மிஞ்சியதைப் பெற்றோர் வைப்புநிதியில் போட்டால் அந்த வட்டி மட்டும் அவர்களுடைய வருமானம். 2025 ஏப்ரலிலிருந்து, 60 வயது ஆனவர்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருவதைப் பார்த்து வங்கி மேலாளர் எப்போதாவது விசாரித்தால், பிள்ளை செலவுக்கு அனுப்புவது என்று அம்மா தயங்காமல் சொல்லட்டும். என் அம்மா முதல் தடவை பயந்துபோய் 'எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்க' என்று அப்பாவைக் காட்டிவிட்டார்.

7. விட்டுப்போன ஆண்டுகளை மீட்பது

நவம்பரில் காகிதம் கிடைக்கவில்லை என்றால் ஆண்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆண்டு முடிந்த மறுநாள் ஜனவரி 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, நீங்களே வரி அலுவலகத்தில் திருப்பிக் கேட்டு மனுச் செய்யலாம். 2024-க்கு உரியதை 2029 டிசம்பர் 31 வரை கேட்கலாம். கம்பெனி தந்த கென்சென் சோஷூஹ்யோ என்ற ஆண்டுச் சம்பளத் தாள், உறவுச் சான்று, மொழிபெயர்ப்பு, ரசீதுகள், உங்கள் வங்கிக் கணக்கு எண், மை நம்பர் இவை போதும். மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரை வரி அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. பணம் திரும்பக் கேட்பவர்கள் அந்த நாட்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஜனவரியிலேயே போய்விடலாம்.

ஒரு கண்ணி. ஃபுருசாதோ நோசேய் என்ற ஊர் நன்கொடை செய்து, வரி மனு இல்லாமலே கழிவு தரும் ஒன்-ஸ்டாப் முறையில் அதற்குக் கழிவு கேட்டிருந்தவர்கள் இந்த மனுவைக் கொடுத்தால் ஒன்-ஸ்டாப் ரத்தாகிவிடும். அந்த நன்கொடை ரசீதுகளையும் இதே மனுவில் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கையில் வாங்கி மறு கையில் விடுவீர்கள்.

நான் 2024 மே மாதம், பெயர்க் குழப்பம் தீர்ந்த பிறகு, 2023-க்கான அப்பாவின் கழிவை இப்படித்தான் கேட்டேன். காகிதத்தில் கொடுத்ததால் ஒன்றரை மாதம் ஆனது. 38,000 யென்னுக்குக் கொஞ்சம் மேலே கணக்கில் விழுந்தது, குடியிருப்பு வரியைத் திருத்திய அறிவிப்பு அதன் பிறகு தனியாக வந்தது. அம்மாவுக்கு உரியதை மீட்க வழியில்லை. மனுவை ஐந்து ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், பணத்தை அந்த ஆண்டுக்குள்தான் அனுப்பியிருக்க வேண்டும்.